பாடம் 11: மிச்ச இரண்டு குடும்பங்களும் எங்கே?



நீங்கள் பாடசாலையில் குழுவாகச் சேர்ந்து ஒரு வேலை செய்திருப்பீர்கள். வேலை முடிந்ததும் அறிக்கை எழுதுவீர்கள். அறிக்கையின் கடைசிப் பக்கத்தில் ஒரு சிறு பகுதி வரும். ஜெர்மன் வகுப்பில் அதை ‘றெஃப்ளெக்ஸியோன்’ என்பார்கள். தமிழில் ‘மீள்நோக்கு’ என்று சொல்லலாம். செய்து முடித்த வேலையைத் திரும்பிப் பார்த்து, நான் என்ன செய்தேன், மற்றவர்களோடு சேர்ந்து வேலை செய்வது பற்றி என்ன கற்றேன் என்று எழுதும் பகுதி அது.

சுவிஸ் பாடசாலைகளில் இது ஏன் வருகிறது தெரியுமா? இங்குள்ள பாடத்திட்டத்தின் பெயர் ‘லேர்பிளான் 21’. பேர்ண் மாநிலத்தில் அது 2018 ஆம் ஆண்டு நடைமுறைக்கு வந்தது. கணக்கு, மொழி போன்ற பாடங்களோடு, சேர்ந்து வேலை செய்வதையும், கருத்து வேறுபாடு வந்தால் அதைக் கையாளுவதையும் பிள்ளைகள் கற்க வேண்டும் என்று அது சொல்கிறது. அதனால்தான் ஆசிரியர்கள் படத்தையும் கணக்கையும் பார்த்த பிறகு இந்தக் கடைசிப் பக்கத்தையும் வாசிக்கிறார்கள்.

பெரும்பாலான பிள்ளைகள் இந்தப் பக்கத்தைப் பத்து நிமிடத்தில் எழுதி முடித்துவிடுவார்கள். இந்தப் பாடத்தில் நாங்கள் பார்க்கப்போகும் மாணவியும் அப்படித்தான் எழுதினாள். பிறகு அதை மூன்று முறை திருத்தினாள்.

குழுவும் வேலையும்

பேர்ண் நகரத்தின் மேற்குப் பக்கத்தில் பூம்ப்ளிஸ் இருக்கிறது. நகரின் நடுவிலிருந்து 7 ஆம் இலக்க ட்ராமில் ஏறினால் அங்கே போகலாம். இன்று அது பேர்ண் நகரத்தின் ஒரு பகுதி. ஆனால் 1919 ஆம் ஆண்டுக்கு முன்னர் அது தனியான ஊர். அந்த ஆண்டில்தான் அது பேர்ண் நகரத்தோடு இணைக்கப்பட்டது. பிறகு அங்கே நிறைய வீடுகள் வந்தன. உயரமான மாடி வீடுகள் வந்தன. பல நாடுகளிலிருந்து மக்கள் குடிவந்தார்கள். 1980களில் இருந்து எங்கள் தமிழ்க் குடும்பங்களும் சுவிசுக்கு வந்தன. அவற்றில் சில பூம்ப்ளிஸில் குடியேறின.

பூம்ப்ளிஸில் புதன்கிழமை பின்னேரம் தமிழ் படிக்கும் நான்கு பிள்ளைகள் ஒரு குழுவாகச் சேர்ந்தார்கள். ‘பூம்ப்ளிஸுக்குத் தமிழ்க் குடும்பங்கள் எப்போது வந்தன?’ என்பதுதான் அவர்களின் தலைப்பு. கேள்வித்தாள் தயாரிக்க வேண்டும். வீடு வீடாகப் போய்க் கேட்க வேண்டும். பதில்களை எண்ணிப் படம் கீற வேண்டும். நான்கு பக்க அறிக்கை எழுத வேண்டும்.

அந்தப் பிள்ளைகளின் பெயர்களை இங்கே எழுதவில்லை. மீள்நோக்கை எழுதியவள் ஒரு மாணவி. அவளை விட ஒரு வயது கூடியவர் ‘அக்கா’. அவளோடு சின்ன வகுப்பிலிருந்து படிக்கும் பையன் ‘நண்பன்’. பீல் நகரத்திலிருந்து மாறி வந்து, வேலை தொடங்கி மூன்றாம் கிழமையில் குழுவில் சேர்ந்தவர் ‘தம்பி’. இவ்வளவும் நினைவில் இருந்தால் போதும்.

முதல் முறை எழுதியது

மாணவி முதலில் எழுதிய மீள்நோக்கு இது:

“எங்கள் குழு மிகவும் நன்றாக வேலை செய்தது. நாங்கள் எல்லோரும் சேர்ந்து கேள்விகளைத் தயாரித்தோம். 32 குடும்பங்களிடம் தகவல்கள் சேகரிக்கப்பட்டன. சில சிக்கல்கள் ஏற்பட்டன. அவை தீர்க்கப்பட்டன. நான் எல்லோருக்கும் உதவினேன். ஒருவர் மட்டும் ஒன்றும் செய்யவில்லை. ஒற்றுமையே பலம் என்பதை நான் கற்றுக்கொண்டேன்.”

வாசிக்க நன்றாகத்தான் இருக்கிறது. எழுத்துப்பிழை ஒன்றும் இல்லை. ஆனால் ரீச்சர் அறிக்கையின் மூன்றாம் பக்கத்தையும் இந்தப் பக்கத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். பிறகு மாணவியைக் கூப்பிட்டார்.

“இஞ்ச வாரும் பிள்ளை. இதில 32 குடும்பம் எண்டு எழுதியிருக்கிறீர். படத்தில 30 தானே இருக்கு. மிச்ச ரெண்டும் எங்க?”

“அது வந்து ரீச்சர்… எனக்குத் தெரியாது. தம்பிதான் எண்ணினவர்.”

“தம்பியோ? அப்ப இதில ‘ஒருவர் மட்டும் ஒன்றும் செய்யவில்லை’ எண்டு எழுதியிருக்கிறது ஆரை?”

மாணவி பேசாமல் நின்றாள்.

“தம்பியை” என்றாள் கொஞ்ச நேரத்துக்குப் பிறகு.

“ஒண்டும் செய்யாத ஆள் எப்பிடி எண்ணினவர்?”

பாருங்கள், பிழையைக் காட்டிக் கொடுத்தது ஒரு எண்தான். உங்கள் அறிக்கையிலும் இப்படிச் செய்து பார்க்கலாம். முன் பக்கங்களில் உள்ள எண்களும் மீள்நோக்கில் உள்ள எண்களும் ஒத்துப்போகின்றனவா என்று பாருங்கள். ஒத்துப்போகாவிட்டால் அந்த இடத்தில் யாரோ ஒருவர் செய்த வேலை சொல்லப்படாமல் இருக்கலாம். அல்லது யாரோ விட்ட பிழை மறைந்திருக்கலாம். இங்கே இரண்டுமே இருந்தன.

யார் செய்தது? வினைச்சொல் சொல்லும்

தமிழில் ஒரு வசதி இருக்கிறது. வினைச்சொல்லின் முடிவைப் பார்த்தாலே யார் செய்தது என்று தெரியும். ‘எழுதினேன்’ என்றால் நான். ‘எழுதினோம்’ என்றால் நாங்கள். ‘எழுதினார்’ என்றால் அவர். வீட்டில் அம்மம்மா “நான் எழுதினனான்”, “நாங்கள் எழுதினனாங்கள்” என்று சொல்லுவா. அதிலும் செய்தவர் ஒளிந்திருக்க முடியாது.

ஆனால் ஒளிந்துகொள்ளவும் தமிழில் வழி உண்டு. மாணவி எழுதியதை மறுபடி பாருங்கள். ‘சேகரிக்கப்பட்டன.’ யார் சேகரித்தார்? ‘ஏற்பட்டன.’ யாரால் ஏற்பட்டன? ‘தீர்க்கப்பட்டன.’ யார் தீர்த்தார்? மூன்று வாக்கியங்களிலும் ஆள் இல்லை. ‘சேகரிக்கப்பட்டன’, ‘தீர்க்கப்பட்டன’ என்று எழுதுவதைச் செயப்பாட்டுவினை என்று ஏழாம் பாடத்தில் படித்தீர்கள். ‘இந்தப் பாலம் கட்டப்பட்டது’ என்று எழுதும்போது அது பொருத்தமாக இருக்கும். கட்டியவர்களின் பெயர் அங்கே தேவையில்லை. மீள்நோக்கில் செய்தவர்தான் தேவை. அதனால் ‘பட்டது’, ‘பட்டன’ என்று முடியும் சொற்களின் கீழே பென்சிலால் கோடு போடுங்கள். ஒவ்வொன்றையும் ‘தேன்’, ‘தோம்’, ‘தார்’ என்று முடியும்படி மாற்றிப் பாருங்கள். மாற்ற முடியாவிட்டால், யார் செய்தார் என்பது உங்களுக்கே தெரியவில்லை. போய்க் கேட்க வேண்டும்.

‘செய்தோம்’ என்பதிலும் கவனம் வேண்டும். ‘நாங்கள் எல்லோரும் சேர்ந்து கேள்விகளைத் தயாரித்தோம்’ என்று மாணவி எழுதினாள். உண்மையில் ஆறு கேள்விகளையும் அவளே தன் வீட்டில் இருந்து எழுதினாள். அப்படியானால் ஏன் ‘தயாரித்தோம்’ என்று எழுதினாள்? தன்னடக்கம் என்று நீங்கள் நினைக்கலாம். அவளும் அப்படித்தான் சொன்னாள். ஆனால் அந்தக் கேள்வித்தாளில் ஒரு பிழை இருந்தது. ‘தயாரித்தோம்’ என்று எழுதினால் அந்தப் பிழையும் நாலு பேருக்கும் பங்காகிவிடும். அதை அவள் பிறகுதான் யோசித்தாள்.

‘உதவினேன்’ என்பது இன்னொரு சொல். அதைக் கேட்டால் ஒன்றுமே கண்ணில் தெரியாது. பேப்பர் எடுத்துக் கொடுப்பதும் உதவிதான். ஒரு முழுப் பக்கத்தை எழுதிக் கொடுப்பதும் உதவிதான். எதைச் செய்தீர்களோ அதன் வினைச்சொல்லையே எழுதுங்கள்: கேட்டேன், எண்ணினேன், கீறினேன், திருத்தினேன், ரிக்கெற் வாங்கினேன்.

ஞாபகம் போதாது

ரீச்சர் நாலு பேருக்கும் ஒவ்வொரு சின்னத் துண்டு கொடுத்தார். “முழு வேலையும் நூறு எண்டு வையுங்கோ. அதில உங்கட பங்கு எவ்வளவு? மற்றவைக்குக் காட்டாமல் எழுதுங்கோ” என்றார்.

மாணவி 40 என்று எழுதினாள். அக்கா 35. நண்பன் 30. தம்பி 35. கூட்டிப் பாருங்கள். 140 வருகிறது! நூறுக்குள் இருக்க வேண்டிய வேலை நாற்பது கூடிவிட்டது. நாலு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துச் சிரித்தார்கள்.

யாரும் பொய் எழுதவில்லை. இது எல்லா மனிதருக்கும் நடப்பதுதான். 1979 ஆம் ஆண்டு மைக்கல் ரொஸ், ஃபியோரே சிக்கொலி என்ற இரண்டு ஆய்வாளர்கள் இதைப் பற்றி ஒரு கட்டுரை எழுதினார்கள். அவர்கள் கணவனையும் மனைவியையும் தனித்தனியே கேட்டார்கள். சமைப்பது, வீடு துப்புரவாக்குவது போன்ற வேலைகளில் உங்கள் பங்கு எவ்வளவு என்பது கேள்வி. இரண்டு பேரின் பதில்களையும் கூட்டினால், பெரும்பாலான வீடுகளில் முழு வேலையை விடக் கூடுதலாக வந்தது. இதில் ஒரு வேடிக்கையும் உண்டு. சண்டை தொடங்குவது போன்ற நல்லதல்லாத விடயங்களிலும் தங்கள் பங்கு கூட என்றே சொன்னார்கள். ஆகவே இதைப் பெருமை பேசுவது என்று மட்டும் சொல்ல முடியாது. நாம் செய்தது நமக்கு உடனே ஞாபகம் வருகிறது. மற்றவர் செய்ததை நாம் பார்க்கவே இல்லை. நீங்கள் நித்திரையாக இருந்தபோது அம்மா கழுவிய கோப்பை உங்கள் கணக்கில் வராது, இல்லையா?

அதனால் பங்கை ஞாபகத்திலிருந்து எழுதக் கூடாது. தடயம் தேட வேண்டும். ‘தடயம்’ என்றால், நடந்ததைக் காட்டும் அடையாளம். நாலு பேரும் மேசையில் எல்லாவற்றையும் பரப்பினார்கள். கேள்வித்தாள்கள் 32 இருந்தன. யார் கேட்டார் என்று கையெழுத்தைப் பார்த்துப் பிரித்தார்கள். மாணவியின் கையெழுத்தில் 14. அக்காவின் கையெழுத்தில் 12. நண்பனின் கையெழுத்தில் 6. மொத்தம் 32. சரி.

ஆனால் 11 தாள்களில் வேறு ஒரு கையெழுத்தும் இருந்தது. ஓரத்தில், பச்சைப் பேனையால், ஒன்பது தாள்களில் ஆண்டு எழுதியிருந்தது. இரண்டில் ‘வீட்டில் ஆள் இல்லை’ என்று எழுதியிருந்தது. அது தம்பியின் கையெழுத்து.

நடந்தது இதுதான். ‘நீங்கள் பூம்ப்ளிஸுக்கு எப்போது வந்தீர்கள்?’ என்று மாணவி எழுதியிருந்தாள். ஆண்டை எழுதுங்கள் என்று சொல்லவில்லை. சிலர் ‘1991’ என்று எழுதினார்கள். சிலர் ‘மூத்தவன் பிறந்த பிறகு’ என்றார்கள். ஒரு ஐயா ‘பனி கொட்டின நாளில’ என்று எழுதியிருந்தார். அழகான பதில்தான். ஆனால் அதை வைத்துப் படம் கீற முடியாது. இப்படி 11 தாள்களில் ஆண்டு இல்லை. எண்ணும் வேலை தம்பியிடம் வந்தபோது அவர் அதைக் கண்டார். இரண்டு சனிக்கிழமைகளில் அந்த 11 வீடுகளுக்கும் போனார். ஒன்பது வீடுகளில் ஆண்டைக் கேட்டு எழுதினார். மற்ற இரண்டு வீட்டாரும் விடுமுறைக்குப் போயிருந்தார்கள். 21 உம் 9 உம் 30. மிச்ச இரண்டும் எங்கே என்ற கேள்விக்குப் பதில் அதுதான்.

“ஏன் எங்களிட்டச் சொல்லேல்லை?” என்று மாணவி கேட்டாள்.

“சொன்னால் உங்கட கேள்வி பிழை எண்டு சொல்லுற மாதிரி இருக்கும். நான் புதுசு தானே அக்கா” என்றார் தம்பி.

அவர் கூட்டங்களுக்கு வராததும் அப்போதுதான் விளங்கியது. கைபேசியில் அவர்களுக்கு ஒரு குழு இருந்தது. எப்போது கூடுவது என்று அதில்தான் எழுதுவார்கள். தம்பியை அதில் சேர்க்க எல்லோரும் மறந்துபோனார்கள். இரண்டு கூட்டங்கள் நடந்தது அவருக்குத் தெரியவே தெரியாது. மாணவி அவரோடு கோபமாக இருந்தாள். ஏன் வரவில்லை என்று ஒருநாளும் கேட்கவில்லை.

உங்கள் குழு கணினியில் ஒன்றாக எழுதியிருந்தால் தடயம் தேடுவது இன்னும் சுலபம். எந்தப் பகுதியை யார், எந்த நாளில் எழுதினார் என்று கோப்பின் பழைய பதிப்புகளில் பார்க்கலாம். ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். கணினி, எழுதியதை மட்டும்தான் காட்டும். இரண்டு சனிக்கிழமை நடந்ததைக் காட்டாது.

இரண்டு பகுதி

ரீச்சர் மீள்நோக்கை இரண்டாகப் பிரித்து எழுதச் சொன்னார். முதற்பகுதி ‘என் பங்கு’. இரண்டாம் பகுதி ‘குழுவேலை பற்றி நான் கற்றது’. ஏன் பிரிக்க வேண்டும்? ஒன்றாக எழுதினால் ஒன்று மற்றதை மறைத்துவிடும். ‘ஒற்றுமையே பலம் என்று கற்றேன்’ என்ற வாக்கியம் வந்ததும், வாசிப்பவர் எல்லோரும் ஒற்றுமையாக வேலை செய்தார்கள் என்று நினைத்துக்கொள்வார். அந்த வாக்கியத்தில் எனக்குக் கோபம் ஒன்றும் இல்லை. ஆனால் பூம்ப்ளிஸுக்குப் போகாமல், ஒரு வீட்டுக் கதவையும் தட்டாமல், அதை எழுதிவிட முடியும். இந்த வேலையைச் செய்ததால்தான் தெரிந்த ஒன்றை எழுத வேண்டும்.

இரண்டாம் பகுதியில் இன்னொரு தடுமாற்றமும் வரும். மாணவி இரண்டாம் முறை எழுதியபோது, ‘கேள்வித்தாளில் ஆண்டு எழுத இடம் விட வேண்டும் என்று கற்றேன்’ என்று அங்கே எழுதினாள். அது உண்மைதான். ஆனால் அது கேள்வித்தாள் பற்றிய பாடம். தனியாக வேலை செய்தாலும் அதைக் கற்றிருப்பாள். குழுவேலை பற்றிய பாடம் எது? அவளிடம் ரீச்சர் ஒரு கேள்வி கேட்டார்.

“அக்கா உம்மட கேள்வியளைப் பாத்தவா தானே? அவவுக்கும் ஏன் தெரியேல்லை?”

மாணவி யோசித்தாள். அக்காவிடம் தாளைக் கொடுத்தபோது, “எழுத்துப்பிழை இருக்கோ எண்டு பாருங்கோ” என்றுதான் சொன்னாள். அக்கா எழுத்துப்பிழையை மட்டும் பார்த்தார். இரண்டு இடத்தில் ‘ல’கரத்தை ‘ள’கரமாகத் திருத்திக் கொடுத்தார். கேட்டதைத்தான் செய்தார். ‘இதற்கு நீங்கள் பதில் எழுதிப் பாருங்கோ’ என்று கேட்டிருந்தால் பிழை அன்றைக்கே தெரிந்திருக்கும். இதுதான் குழுவேலை பற்றிய பாடம். தனியாக இருந்தால் இதைக் கற்றிருக்க முடியாது.

எழுதக் கடினமான வாக்கியம்

இன்னும் ஒன்று மிச்சம் இருந்தது. அறிக்கையின் நான்காம் பக்கம் முடிவுரை. அதை எழுதுவதாகச் சொன்னவர் நண்பன். அவர் எழுதவில்லை. கொடுக்க வேண்டிய நாளுக்கு முதல் நாள் இரவு, அக்கா இருந்து எழுதினார். மாணவி இதை எழுதுவதா விடுவதா?

“எழுதாதயும். ப்ளீஸ். உம்மோட நான் இனிக் கதைக்க மாட்டன்” என்றார் நண்பன்.

உங்களுக்கும் இப்படி நடக்கலாம். எழுதாவிட்டால் அக்காவின் வேலை மறைந்துபோகும். எழுதினால் கோள் சொன்னது போல இருக்கும். மாணவி முதலில் ‘நண்பன் பொறுப்பில்லாதவர்’ என்று எழுதி, பிறகு வெட்டினாள். ஒருவர் எப்படிப்பட்டவர் என்று முடிவு சொல்வது அவளின் வேலை அல்ல. அவள் கண்டது என்ன? பக்கம் வரவில்லை. அக்கா எழுதினார். அவ்வளவுதான். கண்டதை மட்டும் எழுதினாள். அவர் செய்த வேலையையும் அதே பகுதியில் எழுதினாள். படத்தைக் கீறியவர் அவர்தான். நிறம் பிரித்து, ஆண்டுகளை வரிசையாகப் போட்டு, மிக நன்றாகக் கீறியிருந்தார்.

பிறகு அந்த வாக்கியத்தை ரீச்சரிடம் கொடுப்பதற்கு முன்னர் நண்பனிடம் காட்டினாள். “இதில பிழை இருந்தால் சொல்லும்” என்றாள். அவர் வாசித்தார். கொஞ்ச நேரம் பேசவில்லை. “அந்தக் கிழமை எனக்கு ரெண்டு சோதனை இருந்தது. அதையும் போடும்” என்றார். மாணவி போட்டாள். அதன் பிறகும் இரண்டு புதன்கிழமை அவர் அவளோடு சரியாகப் பேசவில்லை. மூன்றாம் புதன்கிழமை வந்து பென்சில் இரவல் கேட்டார்.

ஒருவரைப் பற்றி எழுதுவதானால், அவருக்கு முன்னால் உரத்து வாசிக்கக்கூடிய வாக்கியத்தை எழுதுங்கள். வாசிக்க வெட்கமாக இருந்தால் அதில் ஏதோ கூடிவிட்டது, அல்லது குறைந்துவிட்டது.

கடைசியாக எழுதியது

மாணவி மூன்றாம் முறை திருத்தி எழுதிய மீள்நோக்கு இது. முதல் எழுதியதோடு ஒப்பிட்டு வாசியுங்கள்.

“என் பங்கு

ஆறு கேள்விகளையும் நான் எழுதினேன். அக்கா எழுத்துப்பிழைகளைத் திருத்தினார். 32 குடும்பங்களில் 14 குடும்பங்களை நான் கேட்டேன். அக்கா 12 குடும்பங்களையும், நண்பன் 6 குடும்பங்களையும் கேட்டார்கள். ‘எப்போது வந்தீர்கள்?’ என்ற கேள்வியில் ஆண்டை எழுதும்படி நான் கேட்கவில்லை. அது என் பிழை. அதனால் 11 தாள்களில் ஆண்டு இருக்கவில்லை. தம்பி அந்த 11 வீடுகளுக்கும் மறுபடி போனார். 9 வீடுகளில் ஆண்டைக் கேட்டு எழுதினார். 2 வீடுகளில் ஆட்கள் இல்லை. ஆகவே எங்கள் படத்தில் 30 குடும்பங்கள்தான் இருக்கின்றன. எண்ணியவர் தம்பி. படத்தைக் கீறியவர் நண்பன். அறிக்கையின் முதல் இரண்டு பக்கங்களை நான் எழுதினேன். மூன்றாம் பக்கத்தை அக்கா எழுதினார். நான்காம் பக்கத்தை நண்பன் எழுதுவதாக இருந்தது. அந்தக் கிழமை அவருக்கு இரண்டு சோதனைகள் இருந்தன. அதையும் அக்கா எழுதினார்.

குழுவேலை பற்றி நான் கற்றது

தம்பி ஒன்றும் செய்யவில்லை என்று நான் நினைத்தேன். எங்கள் கைபேசிக் குழுவில் அவரைச் சேர்க்கவில்லை என்று பிறகுதான் தெரிந்தது. நான் அவரிடம் ஒரு முறை கேட்டிருந்தால் முதல் கிழமையே தெரிந்திருக்கும். அவர் என் பிழையைக் கண்டும் என்னிடம் சொல்லவில்லை. புதிதாக வந்தவருக்கு அது கஷ்டம். அடுத்த முறை, என் வேலையில் பிழை கண்டால் சொல்லுங்கள் என்று முதல் நாளே நான் சொல்வேன். அக்காவிடம் எழுத்துப்பிழை பார்க்கும்படி மட்டும் கேட்டேன். அடுத்த முறை, கேள்விகளுக்குப் பதில் எழுதிப் பார்க்கும்படி கேட்பேன். நான்காம் பக்கம் வராது என்று எங்களுக்குக் கடைசி நாளில்தான் தெரிந்தது. நாங்கள் யாரும் இடையில் கேட்கவில்லை. இதற்கு என்ன செய்யலாம் என்று எனக்கு இன்னும் சரியாகத் தெரியவில்லை. ஒவ்வொரு நாளும் கேட்டால் நண்பர்களுக்குக் கோபம் வரும்.”

கடைசி மூன்று வாக்கியங்களைக் கவனித்தீர்களா? தெரியாததைத் தெரியாது என்றே எழுதியிருக்கிறாள். ரீச்சர் அந்த இடத்தில் ஒரு சின்ன நட்சத்திரம் போட்டார். கீழே சிவப்புப் பேனையால், ‘அடுத்த புதன்கிழமை நாலு பேரும் இதைப் பற்றிக் கதைப்பம்’ என்று எழுதினார்.

மூன்றாம் பக்கமும் மாறியது. படத்தின் கீழே அக்கா ஒரு வரி சேர்த்தார்: ‘32 குடும்பங்களில் 30 குடும்பங்களின் பதில்.’ ‘பனி கொட்டின நாளில’ என்று எழுதிய ஐயா, ஆண்டு தெரிந்த ஒன்பது பேரில் ஒருவர். அவர் வந்த ஆண்டு 1986 என்று பச்சைப் பேனையில் இருந்தது.

சொல் விளக்கம்

மீள்நோக்கு – செய்ததைத் திரும்பிப் பார்த்தல்
பங்கு – ஒரு வேலையில் ஒருவர் செய்த பகுதி
தடயம் – நடந்ததைக் காட்டும் அடையாளம்
தன்னடக்கம் – தன்னைப் பற்றிப் பெருமை பேசாமல் இருத்தல்
கோள் சொல்லுதல் – ஒருவரைப் பற்றி மற்றவரிடம் குறை சொல்லுதல்
கிழமை – இங்கே ஏழு நாட்கள் கொண்ட வாரம்
கீறுதல் – படம் வரைதல்

மொழிக் குறிப்பு: நாம், நாங்கள்

கேட்பவரையும் சேர்த்துச் சொன்னால் ‘நாம்’. கேட்பவரைச் சேர்க்காமல் சொன்னால் ‘நாங்கள்’. ஜெர்மன் மொழியில் இரண்டுக்கும் ஒரே சொல்தான். வீட்டுப் பேச்சிலும் பல வேளை இரண்டுக்கும் ‘நாங்கள்’ என்றே சொல்கிறோம். எழுதும்போது பார்த்து எழுதுங்கள். மாணவி ‘நாம் 32 குடும்பங்களைக் கேட்டோம்’ என்று எழுதினால், வாசிக்கும் ரீச்சரும் வீடு வீடாகப் போனார் என்று ஆகிவிடும்.

பயிற்சி

1. செய்தவர் தெரியும்படி மாற்றி எழுதுங்கள். செய்தவரைப் பாடத்தில் தேடுங்கள்.
அ. தாள்கள் எண்ணப்பட்டன.
ஆ. எழுத்துப்பிழைகள் திருத்தப்பட்டன.
இ. நான்காம் பக்கம் எழுதப்பட்டது.

2. இவற்றில் எது கேள்வித்தாள் பற்றிய பாடம்? எது குழுவேலை பற்றிய பாடம்?
அ. கேள்வியைச் சிறிதாக எழுத வேண்டும்.
ஆ. புதிதாக வந்தவரிடம் நாங்கள் கூடும் நாளைச் சொல்ல வேண்டும்.
இ. பதில் எழுதப் போதிய இடம் விட வேண்டும்.

3. பேச்சுத் தமிழிலிருந்து எழுத்துத் தமிழுக்கு மாற்றுங்கள்.
அ. “ஏன் எங்களிட்டச் சொல்லேல்லை?”
ஆ. “தம்பிதான் எண்ணினவர்.”

4. கலந்துரையாடுங்கள்: தம்பி 11 தாள்களிலும் ஆண்டு இல்லை என்று கண்ட அன்று, அவர் யாரிடம், என்ன சொல்லியிருக்கலாம்? இருவர் சேர்ந்து அதைப் பேச்சுத் தமிழில் நடித்துக் காட்டுங்கள்.

5. நீங்கள் கடைசியாகச் செய்த ஒரு குழுவேலையை நினையுங்கள். அதில் மற்ற ஒருவர் செய்த, நீங்கள் நேரில் பார்க்காத ஒரு வேலை என்ன? அவரிடமே கேட்டு, இரண்டு வாக்கியங்கள் எழுதிக்கொண்டு வாருங்கள்.